52 மூடை குறைகிறது என்றால் எத்தனை மூடையைக் கழிக்கக் கேட்பது?

"அண்ணே, டிக்கோயாப் பக்கம் ஒரு உர ஸ்டோருக்குப் பொறுப்பாக இருக்கிறேன். செப்டம்பர் 30ஆம் திகதி எண்ணியதில் யூரியா புத்தகத்தில் 640 மூடை, கையில் நல்லதாக 588தான். 52 குறைகிறது. பின்சுவர் ஓரம் தண்ணீர் பட்ட மூடைகளும் கிடக்கின்றன. நிதிப் பிரிவுக்கு விளக்கம் எழுதி, கணக்கிலிருந்து கழிக்கக் கேட்கவேண்டும். எப்படி எழுதுவது, என்ன ஆதாரம் வைப்பது?"

தம்பி, 52ஐயும் கழிக்கக் கேட்காதீர்கள். 52 என்பது புத்தகத்துக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அவ்வளவுதான். அதற்குள் எத்தனை மூடை உண்மையில் போய்விட்டது, எத்தனை வேறு இடத்தில் இருக்கிறது, எத்தனை காகிதத்தில் மட்டும் தவறியிருக்கிறது என்று பிரித்த பிறகுதான் மின்னஞ்சல் எழுத முடியும். எழுதுவது அரை மணி நேர வேலை. பிரிப்பதற்கு இரண்டு நாள் வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டன் பக்கம் ஒரு ஸ்டோரில் உதவியாளராக இருந்தபோது மழைக்காலம் முடிந்து எண்ணினோம், யூரியாவில் 11 மூடை குறைந்தது. "ஈரப்பதத்தால் ஏற்பட்ட எடைக் குறைவு" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். கணக்காளர் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "யூரியா ஈரம் குடிச்சா எடை கூடுமா, குறையுமா?" கூடும். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்த 11 மூடைக்கும் சரியான விளக்கம் தேட மூன்று வாரம் ஆனது. அதற்குள் காவலாளி மீதும் லொறிக்காரர் மீதும் பேச்சு போய்விட்டது, இருவருக்கும் அதில் ஒரு தொடர்பும் இல்லை. தவறான காரணம் ஒன்றை எழுதினால் அது யாரோ ஒருவர் தலையில்தான் போய் விழும்.

அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும் என்பதால் யூரியா பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் ஒரு எல்லையைத் தாண்டினால் யூரியா காற்றிலிருந்தே நீரை இழுக்கும். 30 பாகை செல்சியஸில் அந்த எல்லை 73 வீதமளவு, 20 பாகைக் குளிரில் 80 வீதமளவு. தென்மேல் பருவமழை பெய்யும் மாதங்களில் டிக்கோயாக் காற்று அதற்கும் மேலேதான் நிற்கும். உள்ளே பிளாஸ்டிக் உறை கிழியாமல் தைத்திருக்கும் மூடை தாக்குப்பிடிக்கும். ஊசித் துளை விழுந்ததும் தையல் விட்டதும் ஈரம் குடித்து, குருணை ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். கல்லானாலும் அதற்குள் இருக்கும் 46 வீத நைட்ரஜன் அப்படியே இருக்கும், உடைத்துப் போடலாம். ஆனால் நீர் ஓடி மூடையைக் கழுவினால் கதை வேறு. யூரியா சர்க்கரைபோலக் கரையும், ஒரு லீட்டர் நீரில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரைந்துவிடும். அப்படிப் போனது வெறுமனே மறைந்துவிடாது. தரையில் வெள்ளைப் படிவு இருக்கும், சிமெந்து விரிசல் ஓரம் மூக்கைக் குத்தும் அமோனியா வாடை இருக்கும், சாக்கு தொய்ந்திருக்கும். படிவும் வாடையும் தொய்ந்த சாக்கும் இல்லாத இடத்தில் "மழையில் போய்விட்டது" என்று எழுதக்கூடாது.

இனி உங்கள் 52. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். வழியைக் காட்டுவதற்காக, இப்படிப்பட்ட ஸ்டோர்களில் நான் அடிக்கடி கண்டதை வைத்து ஒரு பிரிவு போடுகிறேன். ஒரு மூடை 50 கிலோ, சராசரிக் கிரயம் 10,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை மீண்டும் எண்ணுவது. எண்ணுபவர் கையில் புத்தக எண் இருக்கக்கூடாது. 640 என்று தெரிந்தவர் 640ஐத் தேடித்தான் எண்ணுவார். ஒருவர் ஸ்டோர் ஆள், ஒருவர் ஸ்டோருக்கு வெளியே உள்ளவர், இருவரும் தனித்தனித் தாளில். உர அடுக்கில் பெரும்பாலும் ஒரு வரிக்கு ஐந்து மூடை, இரண்டு நீளவாக்கில், மூன்று குறுக்கில், மேல் வரி திருப்பிப் போட்டு. பத்து வரி உயரம் என்றால் 50 என்று வெளியிலிருந்தே பெருக்கிவிடுவார்கள். நடுவில் மூடை உருவியெடுத்த குழி இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஆகவே ஒரு அடுக்கையாவது முழுதாக இறக்கி மீண்டும் அடுக்கிப் பாருங்கள். இறக்கும்போதே தையலையும் பாருங்கள். ஆலைத் தையல் இயந்திரத்தில் ஓடியது, நூல் ஒரே நிறம், தையல் ஒரே இடைவெளி. கையால் தைத்த மூடை கண்ணில் பட்டால் தனியே வைத்து நிறுத்துப் பாருங்கள், வாயைப் பிரித்து நாலைந்து கிலோ எடுத்துவிட்டு மறுபடி தைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நல்ல மூடைகளில் கண்டபடி 20ஐ எடுத்து, வெறும் சாக்கின் எடையைக் கழித்து நிறுத்து எழுதிவையுங்கள். சராசரி 50 கிலோவை ஒட்டி வந்தால் "மூடை இருக்கிறது, உள்ளே இருக்கிறதா" என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில்.

அடுத்தது திகதி. எண்ணும் நாளுக்கு முன் வெளியே போய், பதிவு மட்டும் பிந்திய சரக்கு எது? 29ஆம் திகதி மாலை ஒரு தோட்டத்துக்கு 20 மூடை லொறியில் ஏறியிருக்கிறது. வழங்கல் சீட்டு 29ஆம் திகதி, கேட் புத்தகத்தில் 4.40 மணி, தோட்டம் ஏற்றுக்கொண்டது 30ஆம் திகதி காலை. கொம்பியூட்டரில் பதிந்தது ஒக்டோபர் 1. புத்தகம் இன்னும் அந்த 20ஐ உங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இது நட்டமே இல்லை. திகதியைச் சரிசெய்து பதிந்தால் தீர்ந்தது.

மூன்றாவதாகப் பக்கத்துக் குறியீட்டைப் பாருங்கள். இதுதான் மிகவும் தவறவிடப்படும் இடம். யூரியாவில் 52 குறையும்போது சல்பேட் ஒப் அமோனியாவில் 12 கூடுதலாக இருந்தால், அது தற்செயல் என்று விடாதீர்கள். இரண்டும் வெள்ளைச் சாக்கு, இரண்டும் 50 கிலோ, திரையில் `FER-URE-50`, `FER-SOA-50` என்று அடுத்தடுத்த வரியில் நிற்கும். ஓகஸ்டில் ஒரு தோட்டத்துக்கு 12 மூடை யூரியா ஏற்றிவிட்டு சல்பேட் குறியீட்டில் பதிந்திருக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் ஏற்புச் சீட்டில் "யூரியா 12" என்று தெளிவாக இருக்கிறது. இதையும் கழித்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? தோட்டத்துக்குச் சல்பேட் விலையில் பில் போயிருக்கிறது. சல்பேட் கிரயம் 7,500 ரூபா என்றால், ஒரு மூடைக்கு 2,500 வீதம் 30,000 ரூபா தோட்டத்தின் செலவில் ஏறாமல் நிற்கிறது. நீங்கள் நட்டமாக எழுதினால் அந்தத் தோட்டத்தின் செலவை உங்கள் ஸ்டோர் சுமக்கும், சல்பேட்டில் ஒரு பொய்க் கூடுதலும் நிற்கும். "அங்கே கூடுதல், இங்கே குறைவு, கழித்துக்கொள்வோம்" என்று மொத்தமாக ஈடுகட்டவும் வேண்டாம். இரண்டு பொருளையும் தனித்தனியே திருத்தி, தோட்டத்துக்குத் திருத்தச் சீட்டு ஒன்று அனுப்புங்கள். இன்னொன்று: சல்பேட்டில் 21 வீத நைட்ரஜன்தான், யூரியாவில் 46. சல்பேட் என்று நினைத்துத் தூவியிருந்தால் அளவு இரட்டிப்பாகியிருக்கும். தோட்டத்துரைக்கு அதையும் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியவேண்டிய விடயம்.

நான்காவது நனைந்தவை. பின்சுவர் ஓரம் 14 மூடை. இவை எண்ணிக்கையில் குறையவில்லை, இருக்கின்றன. குறைந்தது பெறுமதி. ஆகவே இது எண்ணிக்கை வித்தியாசம் என்ற தலைப்பின் கீழ் வரக்கூடாது. 14ஐயும் ஒன்றாகப் பார்க்கவும் கூடாது. ஒவ்வொன்றாக இழுத்து வைத்துப் பார்த்தால் 9 மூடை கல்லாகியிருக்கிறது, சாக்கு முழுசு, உடைத்து வேறு சாக்கில் போட்டு குறைந்த விலையில் கொடுக்கலாம். 5 மூடை கீழ் வரியில் இருந்தவை. அடிச்சாக்கு அழுகி, பாதி கரைந்து, மீதி தரைச் சேற்றோடு கலந்துவிட்டது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்.கே.ஏ.எஸ். 2 சொல்வது எளிது: கையிருப்பைக் கிரயத்திலோ, விற்றால் செலவு போகக் கையில் வரும் தொகையிலோ, எது குறைவோ அதில் காட்டவேண்டும். குறைத்த தொகையும் இழந்த தொகையும் அது நடந்த காலத்தின் செலவாகவே போகவேண்டும். 9 மூடைக்கு 6,500 கிடைக்கும், உடைத்து மாற்றிப்போட 500 செலவு, கையில் 6,000. மூடைக்கு 4,000 குறைப்பு, மொத்தம் 36,000. கரைந்த 5க்கும் முழுக் கிரயம் 50,000.

ஆக 20, 12, 14. மீதி 6. இந்த ஆறும்தான் உங்கள் மின்னஞ்சலின் கடினமான இடம். எல்லாச் சீட்டையும் புரட்டியாயிற்று, காரணம் கிடைக்கவில்லை. இதை நனைந்ததில் சேர்த்து 20 மூடை நனைந்தது என்று எழுதிவிடலாம் என்று மனம் சொல்லும். செய்யாதீர்கள். காரணம் தெரியவில்லை என்று நேராக எழுதுங்கள், எங்கே தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: கடைசியாகச் சரியாக எண்ணிய நாளிலிருந்து முன்னோக்கி வாருங்கள். ஜூன் 30இல் எண்ணிக்கையும் புத்தகமும் 415 என்று ஒத்துப்போயிருக்கிறது. அதன்பின் 200 வீதம் மூன்று லொறி, 600 வரவு. புத்தகப்படி 375 வழங்கல். 415ஓடு 600ஐக் கூட்டி 375ஐக் கழித்தால் 640. அப்படியென்றால் தவறு இந்த மூன்று மாதத்துக்குள்தான். மூன்று லொறியில் இரண்டுக்கு இறக்கும்போது கோடு போட்டு எண்ணிய தாள் இருக்கிறது. ஓகஸ்ட் 12 லொறிக்கு இல்லை. அன்று மாலை மழையில் படங்கைப் போர்த்திக்கொண்டு இறக்கியிருக்கிறார்கள், வழங்குநரின் சீட்டில் இருந்த 200ஐ அப்படியே ஏற்றிருக்கிறார்கள். அங்கே குறைந்திருக்கலாம். நிரூபிக்க ஒன்றும் இல்லை. அப்படியே எழுதுங்கள்.

இதையெல்லாம் வைத்து எழுதினால் மின்னஞ்சல் இப்படி வரும்.

விடயம்: யூரியா `FER-URE-50`, செப்டம்பர் 30 எண்ணிக்கை வித்தியாசம், 146,000 ரூபா கழிக்க அனுமதி கோரல்

மதிப்புக்குரிய நிதி முகாமையாளர் அவர்களுக்கு,

செப்டம்பர் 30 எண்ணிக்கையில் யூரியா புத்தக இருப்பு 640 மூடை, நல்ல நிலையில் எண்ணியது 588 மூடை. 52 மூடை வித்தியாசத்தில் 32 மூடை பதிவுத் திருத்தம் மட்டுமே, நட்டம் இல்லை. 14 மூடை நீரால் சேதமடைந்து ஸ்டோரில் உள்ளது. 6 மூடைக்குக் காரணம் கண்டறியப்படவில்லை. சேதத்துக்கு 86,000 ரூபாவும் காரணம் தெரியாத குறைவுக்கு 60,000 ரூபாவும், மொத்தம் 146,000 ரூபா செப்டம்பர் கணக்கில் கழிக்க அனுமதி வேண்டுகிறேன். ஒக்டோபர் 10ஆம் திகதிக்குள் பதில் கிடைத்தால் அரையாண்டுக் கணக்கு மூடும் முன் பதியலாம்.

பதிவுத் திருத்தம், 32 மூடை. செப்டம்பர் 29 மாலை வழங்கிய 20 மூடை ஒக்டோபர் 1 திகதியில் பதியப்பட்டுள்ளது. வழங்கல் சீட்டு, கேட் புத்தகப் பக்கம், தோட்டத்தின் ஏற்புச் சீட்டு ஆகியவை இணைப்பு 1இல். ஓகஸ்டில் வழங்கிய 12 மூடை யூரியா தவறுதலாக `FER-SOA-50` குறியீட்டில் பதியப்பட்டுள்ளது. அந்தப் பொருளில் இதே எண்ணிக்கையில் 12 மூடை கூடுதல் இருப்பதும் தோட்டத்தின் ஏற்புச் சீட்டும் இணைப்பு 2இல். இரண்டு பொருளையும் தனித்தனியே திருத்தி, விலை வித்தியாசமான 30,000 ரூபாவைத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தின் பின் புத்தக இருப்பு 608, ஸ்டோரில் இருப்பது சேதமடைந்தவை உட்பட 602.

நீரால் சேதம், 14 மூடை. பின்சுவரை ஒட்டிய அடுக்கின் கீழ் வரிகள் கூரைப் பீலி நிரம்பி வழிந்த நீரில் நனைந்தன. 9 மூடை கட்டியாகியுள்ளது, மாற்றிப் போட்டபின் செலவு போக மூடைக்கு 6,000 ரூபா கிடைக்கும், குறைப்பு 36,000 ரூபா. 5 மூடை கரைந்து சேற்றுடன் கலந்துள்ளது, பெறுமதி இல்லை, 50,000 ரூபா. ஒவ்வொரு மூடையின் எடை, தொகுதி இலக்கம், திகதியுடன் கூடிய படம் இணைப்பு 3இல். பீலியைத் திருத்தக் கோரி ஜூலை 3ஆம் திகதி நான் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிய கடிதமும் அதில் உண்டு. வேலை இன்னும் நடக்கவில்லை. மீதி மூடைகளைச் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி, கட்டைமேல் அடுக்கியுள்ளோம்.

காரணம் தெரியாத குறைவு, 6 மூடை. ஜூன் 30 எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அதன்பின் நடந்த எல்லா வரவையும் வழங்கலையும் அட்டை, சீட்டு, கேட் புத்தகம் மூன்றிலும் ஒப்பிட்டோம், மேலே சொன்னவை தவிர வேறு பிழை கிடைக்கவில்லை. 20 மூடையை நிறுத்துப் பார்த்ததில் எடைக் குறைவு இல்லை, கையால் தைத்த மூடையும் காணவில்லை. ஓகஸ்ட் 12 லொறிக்கு இறக்கும் எண்ணிக்கைத் தாள் இல்லை, அங்கே குறைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், ஆனால் உறுதிசெய்ய ஆதாரம் இல்லை. எந்த ஒருவர் மீதும் குற்றம் சுமத்தப் போதிய காரணம் என்னிடம் இல்லை. ஒப்பீட்டுத் தாளும் எடைத் தாளும் இணைப்பு 4இல்.

சேதமடைந்த 14 மூடையும் சிவப்புப் பட்டி கட்டித் தனியே வைக்கப்பட்டுள்ளது. உங்கள் பிரிவும், காப்புறுதிக்கு அறிவிப்பதானால் அவர்களும் பார்வையிடும்வரை அசைக்கமாட்டோம். இன்று முதல் இறக்கும் எண்ணிக்கைத் தாள் இல்லாமல் வரவுச் சீட்டில் கையொப்பம் இடுவதில்லை. பதிவை உங்கள் பிரிவே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
களஞ்சிய முகாமையாளர்

இந்த மின்னஞ்சலில் சில இடங்களை நான் ஏன் இப்படி வைத்தேன் என்று சொல்கிறேன். முதல் பந்தியிலேயே தொகையும் கேட்பதும் திகதியும் வந்துவிட்டன. நிதி முகாமையாளர் மாத முடிவில் நூறு மின்னஞ்சல் பார்ப்பவர், அவர் முதல் பந்தியோடு நிறுத்தினாலும் என்ன முடிவு எடுக்கவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும். 52 மூடை என்றால் 520,000 ரூபா. பிரித்தபின் கேட்பது 146,000. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் நீங்கள் செய்ததற்குச் சாட்சி.

சேதத்தையும் காரணம் தெரியாததையும் ஒரே தொகையாகச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. கண்ணால் பார்க்கக்கூடிய சேதம் காப்புறுதிக்குப் போகலாம், கணக்காய்வாளர் வந்து தொட்டுப் பார்க்கலாம். காணாமல் போனதை அப்படிப் பார்க்க முடியாது, அது வேறு கணக்குத் தலைப்பில் போகும், கேள்வியும் வேறு. இரண்டையும் கலந்தால் ஆறு மூடையின் சந்தேகம் பதினான்குக்கும் தொற்றிக்கொள்ளும்.

பீலிக் கடிதத்தை இணைப்பதற்குத் தயங்குவீர்கள், பராமரிப்புப் பிரிவோடு மனத்தாங்கல் வரும் என்று. ஆனால் நீர் எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. மின்னஞ்சலில் அவர்களைக் குறைசொல்லும் ஒரு சொல்லும் போடாதீர்கள், கடிதத்தின் திகதியை மட்டும் சொல்லுங்கள். அப்படி ஒரு கடிதம் நீங்கள் எழுதவே இல்லை என்றால், இப்போது பழைய திகதியில் ஒன்றைத் தயாரிக்காதீர்கள். "வாய்மூலம் சொன்னேன், எழுத்தில் இல்லை" என்றே எழுதுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்களைக் கண்டிருக்கிறேன். ஒன்று, தன் மேலதிகாரி கையொப்பமிடக்கூடிய வரம்புக்குள் வரும்படி தொகையை மூன்று மாதத்துக்குப் பிரித்துக் கேட்பது. மற்றது, மார்ச் ஆண்டு முடிவுவரை பொறுத்திருந்து மொத்தமாகக் காட்டுவது. இரண்டும் வெளிச்சத்துக்கு வரும்போது உர மூடையைவிடப் பெரிய பிரச்சினையாகும். செப்டம்பரில் தெரிந்த நட்டம் செப்டம்பரில்தான் போகவேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் நீங்கியபின் யூரியா பழைய விலைக்குத் திரும்பவே இல்லை. அதற்கு முன் ஐந்தாறு மூடையைப் பெரிதாகப் பார்க்காதவர்கள் இப்போது ஒவ்வொன்றையும் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம்.

நிதிப் பிரிவிலிருந்து பெரும்பாலும் இரண்டு கேள்வி வரும். "6,500 கிடைக்கும் என்று எப்படித் தெரியும்?" இதற்கு உங்கள் ஊகம் போதாது. கட்டியான யூரியாவை எடுத்துக்கொள்வதாக ஒரு தோட்டத்திடம் விலை குறித்த இரண்டு வரி வாங்கி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் முந்தைய முறை இப்படிக் கொடுத்த பில் ஒன்று. இரண்டாவது கேள்வி, "எண்ணியவர்கள் யார்?" நீங்களே எண்ணி, நீங்களே விளக்கம் எழுதி, நீங்களே பதிந்தால் தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். எண்ணிக்கைத் தாளில் வெளியாள் ஒருவரின் கையொப்பமும், அடித்துத் திருத்திய ஒவ்வொரு எண்ணின் பக்கத்தில் இருவரின் சுருக்கொப்பமும் இருக்கவேண்டும். தாளைத் திருத்தி அழகாக மறுபடி எழுதி இணைக்கவேண்டாம். சேற்றுக் கைரேகையோடு இருக்கும் அசல் தாளைத்தான் கணக்காய்வாளர் நம்புவார்.

அனுமதி வந்தபின் 9 மூடையை உடனே உடைத்துக் கொடுத்துவிடுங்கள், இன்னொரு மழைக்கு விட்டால் அந்த 6,000மும் போய்விடும். கரைந்த 5ஐத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடச் சொல்வார்கள், விடாதீர்கள். ஸ்டோர்க் கானில் விழுவது ஓடைக்குப் போய், அங்கிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும். அள்ளி, நிறுத்து, நிதிப் பிரிவு ஆள் ஒருவர் பார்க்கத் தோட்டத்துக் கூட்டெருக் குழியில் போடுங்கள். வெறும் சாக்குகளை இரண்டாக வெட்டி, ஐந்தையும் எண்ணிப் படமெடுத்து, அந்தப் படத்தை அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள். முழுச் சாக்கு வெளியே போனால் அது மறுபடி நிரம்பி வேறு எங்கோ யூரியாவாக நிற்கும்.